தலைமையாசிரியருக்கு விடுப்புக் கடிதம்: விளி முதலில், காரணம் பிறகு

காரைக்குடிப் பக்கம் ஒரு பள்ளியில் தலைமையாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவள் நான். மேசை போனாலும் கடிதங்கள் என்னை விடவில்லை. தெருவில் யாருடைய பிள்ளைக்கு லீவு லெட்டர் எழுத வேண்டுமென்றாலும் தாளும் பேனாவுமாக என் வீட்டுத் திண்ணைக்கு வந்துவிடுவார்கள். போன தைக்கு முந்தைய தையில் எதிர்வீட்டு மருமகள் வந்தாள். மலேசியாவில் பிறந்து வளர்ந்தவள். இங்கே வந்து ஓராண்டுகூட ஆகவில்லை. மகன் ஏழாம் வகுப்பில் படிக்கிறான். தமிழ் நன்றாகப் பேசுவாள், படிப்பாள். ஆனால் தமிழில் ஒரு பள்ளி அலுவலகத்துக்குக் கடிதம் எழுதி அவளுக்குப் பழக்கமில்லை. அவள் எழுதிக் கொண்டுவந்தது இது:

"ஹலோ சார், எங்கள் வீட்டில் படைப்பு. ஐயா எல்லோரையும் வரச் சொல்லிவிட்டார்கள். அதனால் தம்பி 6 முதல் 10 வரை வரமாட்டான். விடுமுறை தரவும். நன்றி."

"சரியாக இருக்கிறதா டீச்சரம்மா?" என்று கேட்டாள். சொல்ல வந்தது முழுவதும் இதில் இருக்கிறது, ஆனாலும் ஏறத்தாழ ஒவ்வொரு சொல்லும் தலைமையாசிரியரைத் தடுக்கி விழவைக்கும் என்றேன். புதிதாக எழுத உட்காரும் யாருக்கும் இந்த நான்கு வரியைப் பழுதுபார்ப்பதே போதுமான பாடம். அதைத்தான் இங்கே செய்யப்போகிறேன்.

விளியில் தொடங்குவோம். கடிதத்தில் ஒருவரை அழைக்கும் சொல்லுக்கு விளி என்று பெயர். "ஹலோ சார்" பள்ளி வாசலில் நேரில் பார்க்கும்போது சொல்லலாம், தாளில் வேண்டாம். "அன்புள்ள" என்பதும் வேண்டாம்; அது உறவுக்கும் நட்புக்கும் உரியது. ஆண் என்றால் "மதிப்பிற்குரிய ஐயா," பெண் என்றால் "மதிப்பிற்குரிய அம்மா," அல்லது "அம்மையீர்," என்று எழுதி, அடுத்த வரியில் "வணக்கம்." என்று எழுதினால் மரியாதை நிறைந்துவிட்டது. கிறித்தவ சபையார் நடத்தும் பள்ளியில் தலைமை ஆசிரியராக இருப்பவர் குருவாகவோ கன்னியராகவோ இருந்தால் "மதிப்பிற்குரிய தந்தை அவர்களுக்கு", "மதிப்பிற்குரிய சகோதரி அவர்களுக்கு" என்று எழுதுவது வழக்கம். தலைமை ஆணா பெண்ணா என்றே தெரியவில்லையானால் "மதிப்பிற்குரிய தலைமையாசிரியர் அவர்களுக்கு" என்பது யாரையும் புண்படுத்தாது.

இதற்கு மேலே ஏறவும் கூடாது. ஒரு தந்தை எனக்கு "மாண்புமிகு தலைமையாசிரியர்" என்று எழுதினார். மாண்புமிகு என்பது அமைச்சருக்கும் நீதிபதிக்கும் வழங்கும் அடைமொழி. அன்று முழுவதும் உடன் பணியாற்றியவர்கள் என்னை அமைச்சர் என்றே அழைத்தார்கள்.

இந்த ஊரில் இன்னொரு வகையான மிகையும் உண்டு. பர்மாவுக்கும் மலாயாவுக்கும் கொண்டுவிக்க, அதாவது வணிகம் செய்ய, போனவர்களின் வீட்டுக் கடிதப் பழக்கம் முதியவர்களின் கையில் இன்னும் கொஞ்சம் ஒட்டிக்கொண்டிருக்கிறது. பிள்ளையார் சுழி, சிவமயம், அப்புறம் இவ்விடம் எல்லோரும் நலம், அவ்விடத்து நலத்துக்கு எழுத வேண்டும், மழை பெய்ததா, கண்மாய் நிறைந்ததா என்று போய், இரண்டாம் பக்கத்தில்தான் பேரனுக்குக் காய்ச்சல் என்ற செய்தி வரும். படிக்க அழகாகத்தான் இருக்கும். ஆனால் காலை வழிபாட்டுக் கூட்டம் முடிந்து முதல் பாடவேளை தொடங்கும் நேரத்தில் தலைமையாசிரியருக்கு அவ்வளவு தூரம் படிக்க முடியாது. மரியாதைக்கு ஒரு வரி, வணக்கத்துக்கு ஒரு சொல். மூன்றாவது வரியில் காரணம் வந்துவிட வேண்டும். பிள்ளையார் சுழியை மட்டும் நான் யாருக்கும் தடுத்ததில்லை. நானே போடுவேன்.

காரணத்தை முதலில் எழுதி மரியாதையைப் பின்னால் வைத்தால் என்ன என்று எதிர்வீட்டுப் பெண் கேட்டாள். நியாயமான கேள்விதான். "என் மகனுக்குக் காய்ச்சல். ஐயா, விடுப்பு வேண்டும்" என்று எழுதினாலும் பொருள் விளங்கும். ஆனால் பேச்சில் பெரியவர் முன்னால் போய் நின்று, கூப்பிட்டு, அவர் நிமிர்ந்து பார்த்த பிறகுதானே செய்தியைச் சொல்கிறோம்? விளி அந்த நிமிர்தலுக்கான இடம். அது இல்லாத கடிதம் அறிவிப்புப் பலகையைப் போலத் தெரியும்.

அறிவிப்புப் பலகை என்றதும் அவளுடைய "தரவும்" நினைவுக்கு வருகிறது. "செருப்பை வெளியே விடவும்", "வரிசையில் நிற்கவும்" என்று பலகையில் எழுதுவது இந்த வடிவத்தில்தான். அதில் பணிவு இருப்பதாகப் பலர் நினைக்கிறார்கள். உண்மையில் அது மெல்லிய கட்டளை. "விடுப்பு அளிக்குமாறு பணிவுடன் வேண்டுகிறேன்" என்று எழுத வேண்டும். தலைமையாசிரியரைக் குறிக்க "நீங்கள், உங்கள்" என்பதைவிடத் "தாங்கள், தங்கள்" பொருத்தம்.

இனி "விடுமுறை". பொங்கலுக்கும் கோடைக்கும் எல்லோருக்குமாகப் பள்ளியை மூடுவது விடுமுறை. ஒரு பிள்ளை மட்டும் காரணம் சொல்லி வராமலிருப்பது விடுப்பு. ஏழாம் வகுப்புச் சிறுவன் ஒருவனுக்காகப் பள்ளிக்கு விடுமுறை கேட்டால் தமிழாசிரியர்கள் சிரிப்பார்கள், கொடுக்கத்தான் முடியாது.

பிறகு, அந்த வரியில் வரும் "ஐயா". செட்டிநாட்டில் பாட்டனாரை ஐயா என்பார்கள். விளியில் வரும் ஐயா தலைமையாசிரியர். விளியைத் திருத்திய பிறகு அவளுடைய வரியை அப்படியே விட்டால் "மதிப்பிற்குரிய ஐயா, ஐயா வரச் சொல்லிவிட்டார்கள்" என்று ஆகிவிடும். எந்த ஐயா? இதைவிடப் பெரிய குழப்பம் ஆயாவால் வரும். இங்கே தாயைப் பெற்றவளை ஆயா என்று அழைக்கும் வீடுகள் பல. பள்ளிக்கூடத்திலோ, ஆயா என்றால் சிறு வகுப்புப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் பணியாளர். "ஆயாவுக்கு உடம்பு முடியவில்லை, அதனால் மகளை அனுப்பவில்லை" என்று ஒரு கடிதம் வந்தபோது, வெளி மாவட்டத்திலிருந்து புதிதாக வந்திருந்த வகுப்பாசிரியை, எங்கள் பள்ளி ஆயாவிடம் போய் நலம் விசாரித்துவிட்டு வந்தார். அந்த அம்மாள் நலமாக வராந்தாவைப் பெருக்கிக்கொண்டிருந்தார். ஆகவே வீட்டில் எப்படி அழைத்தாலும் கடிதத்தில் "என் தாயார்", "என் மாமனார்", "மாணவனின் பாட்டனார்" என்று உறவைத் திறந்து எழுதிவிடுங்கள்.

"தம்பி" என்பதும் அப்படித்தான். அது அவள் மகனை வீட்டில் கூப்பிடும் பெயர். அவளுடைய தம்பி என்றும் படிக்கலாம். இந்தப் பக்கத்தில் பேரனுக்குப் பாட்டனார் பெயரை வைப்பது வழக்கம். மாமனார் பெயரை மருமகள் வாய்விட்டுச் சொல்லத் தயங்குவாள் என்பதால் பிள்ளைக்கு வீட்டில் வேறொரு பெயர் நிலைத்துவிடும். பள்ளிப் பதிவேட்டில் சொக்கலிங்கம், வீட்டில் ராஜா. கடிதத்தில் ராஜா என்று இருந்தால் வகுப்பாசிரியர் தேடுவார். பாட்டனார் பெயர்களே சுற்றிச்சுற்றி வருவதால் ஒரே வகுப்பில் இரண்டு சொக்கலிங்கம் இருப்பதும் இங்கே அதிசயமில்லை. பதிவேட்டில் உள்ள பெயர், தலைப்பெழுத்து, வகுப்பு, பிரிவு நான்கையும் எழுதினால்தான் கடிதம் சரியான பிள்ளையைச் சேரும்.

தேதிக்கு வருவோம், ஏனென்றால் வம்பு பெரும்பாலும் இங்கிருந்துதான் கிளம்பும். "6 முதல் 10 வரை" என்றாள். 2025 பிப்ரவரி 6 வியாழக்கிழமை. 8, 9 சனி, ஞாயிறு. 10 திங்கள். திங்களன்று பையன் வருவானா மாட்டானா? "10 வரை" என்றால் 10ஆம் தேதியும் விடுப்பு என்றே பள்ளியில் எடுத்துக்கொள்வார்கள். அவள் நினைத்தது 10ஆம் தேதி காலையில் வந்துவிடுவான் என்று. பள்ளி நடக்கும் நாட்களை மட்டும் கிழமையோடு எழுதி, மொத்தம் எத்தனை நாள் என்று சொல்லி, எந்த நாள் திரும்பி வருவான் என்பதையும் எழுதிவிட்டால் இந்தக் குழப்பம் வராது.

கடைசியாகக் காரணம். "எங்கள் வீட்டில் படைப்பு" என்றால் உள்ளூர்க்காரருக்கு விளங்கும். பங்காளி வீட்டார் எல்லோரும் ஊர் வீட்டில் கூடி, தெய்வமாக வணங்கும் முன்னோருக்குப் புதுத்துணி வைத்துப் படைத்து உண்ணும் நாள் அது. வராமலிருந்தால் மனத்தாங்கல் வரும். தலைமையாசிரியர் வேறு மாவட்டத்திலிருந்து மாறுதலில் வந்தவராக இருந்தால் இந்தச் சொல் அவருக்கு ஒன்றும் சொல்லாது. அதற்காக ஒரு பக்கம் விளக்க வேண்டாம். "முன்னோர் வழிபாடு (படைப்பு)" என்று மூன்றே சொல்லில் முடித்துவிடலாம். பிள்ளையார் நோன்பு, குலதெய்வக் கோயில் பூசை, பழனிக்குக் காவடியோடு நடந்து போவது என எதற்கும் இதே முறைதான்: பொதுச்சொல் முன்னே, ஊர்ச்சொல் பின்னே.

உண்மையான காரணத்தையே எழுதுங்கள் என்று அவளிடம் அழுத்திச் சொன்னேன். திருமணத்துக்குப் போவதைக் காய்ச்சல் என்று எழுதுகிற பழக்கம் பலரிடம் உண்டு, காய்ச்சலுக்கு மறுப்பே இருக்காது என்ற நம்பிக்கையில். கடும் காய்ச்சல் என்று கடிதம் கொடுத்துவிட்டு, மூன்றாம் நாள் இரண்டு கைகளிலும் முழங்கை வரை மருதாணியோடு வந்து நின்ற பிள்ளையை நான் பார்த்திருக்கிறேன். நான் ஒன்றும் கேட்கவில்லை; அந்தக் குழந்தைதான் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு அழுதுவிட்டது.

கடிதத்தின் மற்ற உறுப்புகள் எளியவை. இடப்பக்கம் மேலே அனுப்புநர், அதன் கீழே பெறுநர். பலர் "அனுப்புனர், பெறுனர்" என்று எழுதுகிறார்கள்; இரண்டிலும் "நர்" தான் சரி. பெறுநர் பகுதியில் தலைமையாசிரியரின் பெயர் வேண்டாம், பதவி போதும். மாறுதல் நடந்து புதியவர் வந்திருந்தால் பழையவர் பெயரில் கடிதம் கொடுத்து நாமும் கூச வேண்டாம், அவரையும் சங்கடப்படுத்த வேண்டாம். மெட்ரிக் பள்ளிகளில் தலைமையாசிரியர் என்பதற்குப் பதில் "முதல்வர்" என்று இருக்கும். பிள்ளையின் நாட்குறிப்பேட்டில் எப்படி அச்சிட்டிருக்கிறது என்று பார்த்து எழுதுங்கள். விளிக்குக் கீழே "பொருள்" என்று ஒரு வரி. அலுவலகத்தில் கடிதத்தைப் பிரித்து அடுக்குகிறவர் அந்த ஒரு வரியைத்தான் படிப்பார்.

முடிவில் "இப்படிக்கு, தங்கள் உண்மையுள்ள" என்று எழுதிக் கையொப்பமிட வேண்டும். "தங்கள் கீழ்ப்படிதலுள்ள மாணவன்" என்பது பிள்ளை தானே எழுதும் கடிதத்தின் முடிவு. பழைய கட்டுரை நோட்டைப் பார்த்து எழுதும் பெற்றோர் அதையும் அப்படியே இறக்கிவைத்துவிடுகிறார்கள். நாற்பத்தைந்து வயதுத் தந்தை எனக்குக் கீழ்ப்படிதலுள்ள மாணவனாகப் பலமுறை ஆகியிருக்கிறார்.

அவளுடைய நான்கு வரி கடைசியில் இப்படி ஆனது. பெயர்களையும் முகவரியையும் எடுத்துக்காட்டுக்காக மாற்றியிருக்கிறேன்.

அனுப்புநர்
சொ. மீனாட்சி,
(வீட்டு எண், தெரு),
காரைக்குடி.

பெறுநர்
தலைமையாசிரியர் அவர்கள்,
(பள்ளியின் பெயர்),
காரைக்குடி.

மதிப்பிற்குரிய ஐயா,
வணக்கம்.

பொருள்: என் மகனுக்கு இரண்டு நாட்கள் விடுப்பு வேண்டுதல்.

தங்கள் பள்ளியில் ஏழாம் வகுப்பு 'ஆ' பிரிவில் படிக்கும் என் மகன் அ. சொக்கலிங்கம், எங்கள் ஊரில் நடைபெறும் முன்னோர் வழிபாட்டில் (படைப்பு) குடும்பத்தாருடன் கலந்துகொள்ள வேண்டியுள்ளது. எனவே 6.2.2025 வியாழன், 7.2.2025 வெள்ளி ஆகிய இரண்டு நாட்கள் அவனுக்கு விடுப்பு அளிக்குமாறு பணிவுடன் வேண்டுகிறேன். 10.2.2025 திங்கட்கிழமை அவன் பள்ளிக்கு வந்துவிடுவான். விடுபட்ட பாடங்களை எழுதி முடிக்கச் செய்வது என் பொறுப்பு.

நன்றி.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
(கையொப்பம்)
சொ. மீனாட்சி
மாணவனின் தாய்

இடம்: காரைக்குடி
நாள்: 3.2.2025

விடுபட்ட பாடத்தைப் பற்றிய அந்தக் கடைசி வாக்கியம் கட்டாயமில்லை. ஆனால் என் மேசைக்கு வந்த கடிதங்களில் அது இருந்தால் நான் இரண்டாவது முறை யோசித்ததில்லை.

நாளைப் பாருங்கள்: விடுப்புக்கு மூன்று நாள் முன்பு. முன்கூட்டியே தெரிந்த காரணத்துக்குக் கடிதமும் முன்கூட்டியே போக வேண்டும். அதை நேரே தலைமையாசிரியர் அறைக்குக் கொண்டு போகாமல் வகுப்பாசிரியரிடம் கொடுங்கள். அவர் படித்து, கையொப்பமிட்டு மேலே அனுப்புவார். வகுப்பாசிரியரைத் தாண்டிப் போனால் அவருக்குத் தெரியாமலே போய், வியாழன் காலையில் "சொக்கலிங்கம் ஏன் வரவில்லை?" என்று உங்களுக்குத் தொலைபேசி வரும்.

கையொப்பம் பெரியவருடையதாக இருக்க வேண்டும். பிள்ளையே எழுதி அம்மாவின் கையொப்பத்தையும் தானே போட்டுக் கொண்டுவருவது எல்லாப் பள்ளியிலும் நடக்கிறது. சேர்க்கை விண்ணப்பத்தில் இருக்கும் கையொப்பத்தோடு ஒப்பிட்டால் தெரிந்துவிடும். பெற்றோர் சிங்கப்பூரிலோ வளைகுடாவிலோ இருக்க, பிள்ளை பாட்டனார் பாட்டியிடம் வளரும் வீடுகள் இங்கே நிறைய. அப்படியானால் பாட்டனாரே தம் பெயரில் எழுதி, கையொப்பத்தின் கீழே "மாணவனின் பாட்டனார் (பாதுகாவலர்)" என்று குறிப்பிடலாம். எழுதத் தெரியாத பாட்டி என்றால் வேறொருவர் எழுத, பாட்டி கைநாட்டு வைத்து, பக்கத்தில் அவருடைய பெயரை எழுதினால் போதும். அதை ஏற்காத தலைமையாசிரியரை நான் பார்த்ததில்லை.

ஒரு விஷயத்தில் மட்டும் பெற்றோருக்குத் தவறான எண்ணம் இருக்கிறது. கடிதம் கொடுத்துவிட்டால் அந்த நாள் வந்த நாளாக மாறிவிடாது. வருகைப் பதிவில் வராத நாள், வராத நாள்தான். சொல்லிவிட்டு வராதது எது, சொல்லாமல் நின்றது எது என்பதைத்தான் கடிதம் பிரித்துக் காட்டும். மத்திய இடைநிலைக் கல்வி வாரியப் பள்ளிகளில் பத்தாம், பன்னிரண்டாம் வகுப்புப் பொதுத்தேர்வு எழுத 75 விழுக்காடு வருகை வேண்டும். எவ்வளவு பணிவான விளியும் அந்தக் கணக்கைக் கூட்டாது.

முன்கூட்டிச் சொல்ல முடியாதது நோய். அன்று காலையே வகுப்பாசிரியருக்குத் தொலைபேசியில் சொல்லிவிட்டு, பிள்ளை திரும்பி வரும் நாளில் கடிதத்தைக் கொடுத்தனுப்பலாம். அப்போது வாக்கியம் கடந்த காலத்துக்கு மாறும்: "காய்ச்சல் காரணமாக 12.2.2025, 13.2.2025 ஆகிய இரண்டு நாட்கள் பள்ளிக்கு வர இயலவில்லை. அந்நாட்களை விடுப்பாக ஏற்றுக்கொள்ளுமாறு வேண்டுகிறேன்." நாட்கள் நீண்டால் மருத்துவர் சான்றையும் இணைத்துவிடுங்கள். "இணைப்பு: மருத்துவச் சான்று" என்று கடிதத்தின் அடியில் எழுதினால்தான் சான்று கழன்று விழுந்தாலும் தேடுவார்கள்.

அம்மைக்கு மட்டும் தனியாக ஒரு சொல். சில வீடுகளில் நோயின் பெயரை எழுதத் தயங்கி "உடல்நலம் சரியில்லை" என்று முடித்துவிடுகிறார்கள். "அம்மா வந்திருக்கிறாள்" என்று எழுதிய கடிதத்தைப் படித்துவிட்டு, பிள்ளையின் தாய் வெளியூரிலிருந்து வந்திருப்பதாக நினைத்தவரும் உண்டு. அம்மை தொற்றும். சின்னம்மையில் கொப்புளம் தெரிவதற்கு ஒன்றிரண்டு நாள் முன்பிருந்தே தொற்றத் தொடங்கி, கொப்புளம் எல்லாம் காய்ந்து பொருக்குத் தட்டும் வரை தொடரும். ஆகவே "என் மகளுக்கு 17.2.2025 அன்று அம்மை கண்டிருக்கிறது" என்று கொப்புளம் முதலில் தெரிந்த நாளையும் சேர்த்து எழுதுங்கள். பக்கத்தில் உட்கார்ந்த பிள்ளைகளின் வீட்டுக்குச் சொல்லிவைக்கப் பள்ளிக்கு அந்தத் தேதி தேவை. திரும்பும் நாளைத் தலைக்குத் தண்ணீர் ஊற்றிய கணக்கில் மட்டும் முடிவு செய்யாமல், மருத்துவர் பார்த்துச் சொன்ன பிறகு எழுதலாம். அதுவரை "குணமானதும் மருத்துவர் சான்றுடன் வருவாள்" என்றிருந்தால் போதும்.

எதிர்வீட்டுப் பெண் அந்தப் படைப்புக் கடிதத்தின் நகல் ஒன்றை எடுத்து வைத்துக்கொண்டாள். அடுத்த கல்வியாண்டில் ஒரு திருமணத்துக்காக, என்னிடம் வராமலே, அதைப் பார்த்துத் தானே எழுதிவிட்டாள். பெயர், வகுப்பு, கிழமை, திரும்பும் நாள் எல்லாம் சரி. கொடுப்பதற்கு முன் காட்ட வந்தபோது பையன்தான் பக்கத்தில் நின்று சிரித்தான். பள்ளி திறந்தபோது பழைய தலைமையாசிரியர் மாறுதலில் போய், ஓர் அம்மாள் வந்திருந்தார். கடிதமோ "மதிப்பிற்குரிய ஐயா" என்றே தொடங்கியிருந்தது. புதிய தாளை எடுத்து, அந்த ஒரு சொல்லுக்காக முழுவதையும் மறுபடி எழுதினாள்.